நாள்வழி நோட்டின் படங்களிலிருந்து லாபக் கணக்கு: இரண்டு தேதிகளைப் பிடித்தால் போதும்

கேள்வி: மாமா சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறார். தினமும் நோட்டில் வரவு, பற்று, இருப்பு எழுதுவார், அவ்வளவுதான், பேரேடு எதுவும் கிடையாது. 2024-25க்கான நோட்டு முழுவதையும் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இதை வைத்து அந்த வருடம் எவ்வளவு லாபம் என்று ஓர் எளிய அறிக்கை போட வேண்டும். எல்லா வரிகளையும் எக்செல்லில் அடிக்க வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

எல்லா வரிகளையும் அடிக்க வேண்டாம். அடித்தாலும் லாபம் கிடைக்காது. நோட்டில் இருப்பது பணம் வந்ததும் போனதும் மட்டும்தான். மொத்த வியாபாரிக்குப் பாக்கி வைத்து வாங்கிய சரக்கு அதில் இல்லை, அலமாரியில் விற்காமல் கிடக்கும் சரக்கும் இல்லை. வருட வரவில் வருடப் பற்றைக் கழித்தால் கல்லாவில் இருந்த பணம் எவ்வளவு கூடியது, குறைந்தது என்று தெரியும். அது லாபம் அல்ல.

இந்த மாதிரி ஒற்றைப் பதிவுக் கணக்குக்கு வேறு வழி இருக்கிறது. 1-4-2024 அன்று கடையில் மாமாவுக்குச் சொந்தமாக எவ்வளவு இருந்தது, 31-3-2025 அன்று எவ்வளவு இருந்தது என்று இரண்டு நிலை அறிக்கைகள் போடுகிறோம். சொத்துகளைக் கூட்டி, கொடுக்க வேண்டிய கடன்களைக் கழித்தால் வருவதுதான் அந்தந்தத் தேதியின் முதல். இரண்டு முதலுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு காரணங்களால் மட்டுமே வரும். ஒன்று, கடை சம்பாதித்தது அல்லது இழந்தது. மற்றது, மாமா வீட்டுக்கு எடுத்ததும் வெளியிலிருந்து கடைக்குள் போட்டதும். ஆகவே:

```
லாபம் = இறுதி முதல் + எடுப்பு - கூடுதல் முதல் - தொடக்க முதல்
```

அப்படியானால் அத்தனை படங்களும் எதற்கு? எடுப்பையும் கூடுதல் முதலையும் கண்டுபிடிக்கத்தான். அந்த இரண்டும் பெரும்பாலும் நாள்வழியில்தான் இருக்கும். இரண்டு தேதிகளின் பாக்கிகளைச் சரிபார்க்கவும் அது உதவும்.

முதலில் படங்கள்

கணக்குக்குள் போகும் முன் எல்லாப் பக்கங்களும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக வந்திருந்தால் தெளிவு குறைந்திருக்கும். எண்கள் மங்கலாகத் தெரியும் பக்கங்களை மட்டும் டாக்குமென்ட் ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். தைத்த நோட்டில் நடு மடிப்பின் நிழல் இடது பக்க எண்களின் கடைசி இலக்கத்தை விழுங்கிவிடும். அந்தப் பக்கங்களை மட்டும் நோட்டை அழுத்தி விரித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு படமாக எடுக்கச் சொல்ல வேண்டும்.

பிறகு எக்செல்லில் நாளுக்கு ஒரே ஒரு வரி போடுங்கள். A தேதி, B அன்றைய தொடக்க இருப்பு, C வரவு மொத்தம், D பற்று மொத்தம், E அன்றைய இறுதி இருப்பு, F படத்தின் எண். அடுத்த இரண்டு பத்திகளில் இந்தச் சோதனைகளைப் போடுங்கள். முதலாவது இரண்டாம் வரியிலிருந்தும் அடுத்தது மூன்றாம் வரியிலிருந்தும் தொடங்கும்:

```
G2:  =B2+C2-D2-E2
H3:  =B3-E2
```

G பூஜ்யமாக இருந்தால் அன்றைய கூட்டல் சரி. H பூஜ்யமாக இருந்தால் நேற்றைய இருப்பு இன்றைக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது, நடுவில் பக்கம் விடுபடவில்லை. மாமா இருப்பு எழுதும் பழக்கம் உள்ளவர் என்பது இங்கே பெரிய வசதி. அந்த இருப்புச் சங்கிலிதான் படங்களின் வரிசையைக் காட்டும். ஒரே பக்கத்தை இரண்டு தடவை எடுத்திருந்தாலும், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் தாண்டிப் போயிருந்தாலும் H பத்தியில் உடனே தெரிந்துவிடும்.

G பத்தியில் வித்தியாசம் வந்தால் அந்த எண்ணையே உற்றுப் பாருங்கள். 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 5,460 என்பதை 5,640 என்று அடித்திருந்தால் 180 வரும். வித்தியாசம் 6, 60, 600 என்று வந்தால் 1ஐ 7 ஆகவோ 0வை 6 ஆகவோ படித்திருப்பீர்கள். எதுவும் இல்லையென்றால் மாமாவே கூட்டலில் தவறியிருக்கலாம். அதை நீங்களாகத் திருத்திவிடாமல், பக்கத்தில் குறித்துவைத்து அவரிடம் கேளுங்கள்.

பழைய பழக்கம் உள்ளவர்கள் மேற்படிக்கு ௸ என்று போடுவார்கள். ‘௸ 500’ என்றால் மேல் வரியில் இருக்கும் அதே ஆளுக்கோ அதே செலவுக்கோ 500. மேல் வரி முந்தைய படத்தில் இருந்தால் இது எதற்கான தொகை என்று புரியாமல் போகும். பக்கத்தின் முதல் வரியே ௸ என்று இருந்தால் முந்தைய படத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

விற்பனை எப்படி எழுதப்படுகிறது என்று கேளுங்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான கேள்வி. சிறு மளிகைக் கடையில் ஒவ்வொரு விற்பனையையும் யாரும் எழுதுவதில்லை. இரவில் கல்லாவை எண்ணுவார்கள். எண்ணி வந்த தொகையோடு அன்று எழுதிய பற்றுகளைக் கூட்டி, காலை இருப்பைக் கழித்து, வந்ததை ‘வியாபாரம்’ என்று வரவில் போடுவார்கள். அதாவது நோட்டில் இருக்கும் வியாபாரம் பின்னாலிருந்து கணக்கிட்ட எண்.

இதனால் ஒரு விளைவு உண்டு. மாமா கல்லாவிலிருந்து 300 ரூபாய் எடுத்துக் காய்கறி வாங்கி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு எழுத மறந்தால், நோட்டில் கூட்டல் இடிக்காது. அன்றைய வியாபாரம் 300 குறைவாக எழுதப்படும், அவ்வளவுதான். G, H இரண்டு சோதனைகளும் இதைக் காட்டாது. நிலை அறிக்கை முறையும் காட்டாது, எடுப்பு 300 குறைவாக இருப்பதால் லாபமும் 300 குறையும். பின்னால் சொல்லப்போகும் சரிபார்ப்பிலும் இது அகப்படாது, ஏனென்றால் விற்பனை, லாபம் இரண்டும் ஒரே அளவு குறைந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நோட்டுக்கு வெளியேதான் போக வேண்டும். வீட்டில் மாதம் என்ன செலவாகிறது என்று அத்தையிடம் உட்கார்ந்து கேளுங்கள். பால், காய்கறி, பெட்ரோல், மருந்து, கோயில், கல்யாண மொய் எல்லாம் சேர்த்து மாதம் 18,000 என்று அவர் சொல்லி, நோட்டில் ‘வீட்டுக்கு’ என்று 11,000 மட்டும் இருந்தால், மிச்சம் 7,000 எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். வேறு வருமானம் இருந்தால் சரி. இல்லையென்றால் அது எழுதாமல் எடுத்த பணம், வருடத்துக்கு 84,000. அது லாபத்திலும் எடுப்பிலும் சேர வேண்டிய தொகை.

யுபிஐ பணம்

நோட்டில் கல்லாப் பணம் மட்டும் இருந்து, போனில் வாங்கும் பணம் நேரே வங்கிக்குப் போகிறதென்றால், நோட்டு பாதிக் கதைதான் சொல்லும். அந்த வங்கிக் கணக்கின் முழு வருட ஸ்டேட்மென்ட் வேண்டும். பெரும்பாலும் அது மாமாவின் சொந்த சேமிப்புக் கணக்காகவே இருக்கும். பள்ளிக் கட்டணம், உறவினர் அனுப்பிய பணம், கேஸ் மானியம் எல்லாம் அதே கணக்கில் கலந்திருக்கும். பிரித்தெடுக்க மெனக்கெட வேண்டாம். கணக்கு முழுவதையும் கடைக் கணக்காக வைத்துக்கொண்டு, சொந்தச் செலவை எடுப்பாகவும், வியாபாரம் அல்லாத வரவைக் கூடுதல் முதலாகவும் எழுதுங்கள். கல்லாவிலிருந்து வங்கியில் கட்டியதும், வங்கியிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டதும் இரண்டிலும் சேராது. நோட்டில் ‘பேங்க் வரவு 20,000’ என்று இருந்தால் அது வியாபார வரவு அல்ல, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போன பணம்.

இரண்டு தேதிகளின் எண்கள்

உங்கள் எண்கள் என்னிடம் இல்லை. அதனால் இதே அளவுள்ள ஒரு மளிகைக் கடையை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். எல்லாம் ரூபாயில்.

| | 1-4-2024 | 31-3-2025 |
|---|---:|---:|
| கல்லா ரொக்கம் | 18,400 | 22,300 |
| வங்கி இருப்பு | 42,600 | 31,700 |
| சரக்கு (வாங்கிய விலையில்) | 3,10,000 | 3,68,000 |
| வாடிக்கையாளர் பாக்கி | 64,000 | 82,000 |
| கடை வாடகை அட்வான்ஸ் | 1,00,000 | 1,00,000 |
| ஃப்ரீசர், தராசு, அலமாரிகள் | 85,000 | 1,06,900 |
| சொத்து மொத்தம் | 6,20,000 | 7,10,900 |
| மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டியது | 1,10,000 | 1,38,000 |
| வங்கிக் கடன் மீதி | 90,000 | 54,000 |
| தராத வாடகை, மின்கட்டணம் | 10,000 | 10,900 |
| கடன் மொத்தம் | 2,10,000 | 2,02,900 |
| முதல் | 4,10,000 | 5,08,000 |

ரொக்கமும் வங்கியும் எளிது. நோட்டின் 31-3-2024 இறுதி இருப்பு, ஸ்டேட்மென்ட்டில் அதே நாளின் இறுதி இருப்பு. மொத்த வியாபாரிகள் பாக்கிக்கு அவரவரிடம் இரண்டு தேதிக்கும் கணக்கு விவரம் கேட்டால் தருவார்கள், அவர்கள் கணினியில்தான் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஏப்ரல் முதல் வாரத்து பில்லின் அடியில் ‘பழைய பாக்கி’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகை அட்வான்ஸ் மாதிரி இரண்டு தேதியிலும் மாறாத தொகையை இரண்டிலும் விட்டுவிட்டாலும் லாபம் மாறாது. ஆனால் ஒன்றில் எழுதி மற்றதில் மறந்தால் லாபம் ஒரேயடியாக லட்சம் ரூபாய் தப்பும். ஆகவே ஒவ்வொரு வரியையும் இரண்டு தேதிக்கும் ஒருசேர நிரப்புங்கள். ஒரு தேதியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள்.

வாடிக்கையாளர் பாக்கிக்குக் கடன் நோட்டைப் பார்க்க வேண்டும், அதையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். உதாரணக் கடையில் 31-3-2025 அன்று கடன் நோட்டில் 93,000 இருந்தது. அதில் 11,000 ஊரைவிட்டுப் போனவர்களின் கணக்கு, வராது என்று கடைக்காரரே சொன்னார். அதனால் 82,000 மட்டும் எடுத்தேன். அந்த 11,000 இந்த வருடம் கொடுத்த சரக்காக இருந்தால் இந்த வருட நட்டம். ஏப்ரல் 2024க்கு முன்பே செத்துப்போன பாக்கியாக இருந்தால் தொடக்கத்திலும் கழித்திருக்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு பெயருக்கும் கடைசியாகப் பணம் கொடுத்த தேதியைப் பார்க்கிறோம்.

தொடக்கப் பாக்கி எங்கும் எழுதப்படவில்லை என்றால் பின்னோக்கிப் போகலாம். இறுதிப் பாக்கியோடு வருடத்தில் வசூலானதைக் கூட்டி, வருடத்தில் கடனாகக் கொடுத்ததைக் கழித்தால் தொடக்கப் பாக்கி வரும். தீர்ந்துபோன கணக்கின் பக்கத்தைக் கிழித்துவிடும் பழக்கம் மாமாவுக்கு இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

பொருட்களில், பழைய 85,000க்கு 10 சதவீதம் தேய்மானம் கழித்தால் 76,500. அக்டோபரில் வாங்கிய புது ஃப்ரீசர் 32,000, அரை வருடத் தேய்மானம் 1,600 போக 30,400. இரண்டும் சேர்ந்து 1,06,900. வருமான வரிக்கான விகிதங்கள் வேறு, இது கடையின் நிலைமையைத் தெரிந்துகொள்ளப் போடும் கணக்கு. நோட்டில் ஃப்ரீசர் விலை பற்றில் இருக்கும், மாதாமாதம் கட்டிய வங்கித் தவணை 3,750ம் பற்றில் இருக்கும். இரண்டையும் செலவாக நினைத்துக் கழித்துவிடாதீர்கள். ஃப்ரீசர் சொத்தாகக் கடையில் நிற்கிறது. தவணையில் அசல் போன 36,000 கடன் மீதியைக் குறைத்திருக்கிறது. வட்டி 9,000 மட்டும்தான் செலவு. இந்த முறையில் அதையெல்லாம் தனியாகப் பிரிக்காமலே இரண்டு நிலை அறிக்கைகளும் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

சரக்கு: லாபம் நிற்பதும் விழுவதும் இங்கே

சரக்கு இருப்பில் ஆயிரம் ரூபாய் தப்பினால் லாபமும் அதே ஆயிரம் தப்பும். இறுதிச் சரக்கு கூடினால் லாபம் கூடும், தொடக்கச் சரக்கு கூடினால் லாபம் குறையும்.

முதல் தவறு விலையில் வரும். கடையில் எண்ணும்போது பாக்கெட்டின் மேல் இருக்கும் எம்ஆர்பியைப் போட்டுவிடுவார்கள். இந்த உதாரணத்தில் வாங்கிய விலையில் 3,68,000 வரும் இறுதிச் சரக்கு, விற்கும் விலையில் ஏறக்குறைய 4,24,000 ஆகிவிடும். விற்காத சரக்கின் மேல் 56,000 ரூபாய் லாபம் காட்டியதாக ஆகும். கடைசியாக வாங்கிய பில் விலையைப் போடுங்கள். தேதி முடிந்த பிஸ்கட், வண்டு விழுந்த பருப்பு இவற்றை விற்க முடிந்தால் கிடைக்கும் விலையில் போடுங்கள், முடியாவிட்டால் பூஜ்யம்.

இரண்டாவது தேதி. மார்ச் 31 அன்று எண்ணாமல் ஏப்ரல் 6 காலையில் எண்ணினால், அந்த ஐந்து நாளில் வந்த சரக்கைக் கழித்து, விற்ற சரக்கின் வாங்கிய விலையைக் கூட்ட வேண்டும். ஐந்து நாள் என்றால் விற்பனையிலிருந்து லாப விகிதத்தைக் கழித்து மதிப்பிடலாம், பெரிய பிழை வராது.

மூன்றாவதுதான் கடினம். 1-4-2024 அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அப்போது பலர் செய்வது: வருட விற்பனையை எடுத்து, 13 சதவீத லாபம் என்று வைத்து, விற்ற சரக்கின் விலையைக் கண்டு, அதிலிருந்து பின்னோக்கித் தொடக்கச் சரக்கைக் கண்டுபிடிப்பார்கள். ஐந்து நாளுக்குச் சரி, முழு வருடத்துக்குத் தவறு. 13 சதவீதம் என்று நீங்கள் உள்ளே போட்டதுதான் கடைசியில் 13 சதவீத லாபமாக வெளியே வரும். அறிக்கை ஒழுங்காகத் தெரியும், ஆனால் அது கடையைப் பற்றி எதையும் சொல்லாது.

லாப விகிதத்தைத் தொடாத சான்று வேண்டும். முந்தைய வருடத்துக்கு ஐடிஆர்-4 என்ற வருமான வரிப் படிவம் தாக்கல் செய்திருந்தால் அதில் சரக்கு, கடனாளிகள், கடனீந்தோர், ரொக்கம் ஆகியவை கேட்கப்பட்டிருக்கும். வங்கிக் கடனுக்குச் சரக்குப் பட்டியல் கொடுத்திருக்கலாம். இரண்டிலுமே யாரோ குத்துமதிப்பாகப் போட்டிருக்கவும், கடனுக்காகக் கூட்டிப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 மார்ச் மாதக் கொள்முதல் பில்களை 2025 மார்ச் பில்களோடு வைத்துப் பாருங்கள். அப்போது வைத்திராத என்ன சரக்கை இப்போது வைத்திருக்கிறார், எந்த அலமாரி புதிது, அரிசி அப்போது எத்தனை மூட்டை அடுக்கியிருப்பார் என்று மாமாவிடம் வகை வகையாகக் கேளுங்கள். ‘மொத்தம் எவ்வளவு சரக்கு இருந்தது’ என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ‘எண்ணெய் எத்தனை பெட்டி வைத்திருப்பீர்கள்’ என்று கேட்டால் சரியாகச் சொல்வார்.

அப்படியும் ஓர் எல்லைக்குள்தான் வரும். உதாரணக் கடையில் அது 2,90,000க்கும் 3,30,000க்கும் இடையே என்றுதான் தெரிந்தது, 3,10,000 எடுத்தேன்.

எடுப்பும் கூடுதல் முதலும்

இப்போதுதான் நாள்வழியை வரி வரியாகப் படிக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் பற்றுப் பக்கத்தை. வீட்டுக்குச் சம்பந்தப்பட்டதை மட்டும் தனித் தாளில் எடுங்கள். உதாரணக் கடையில் ‘வீட்டுக்கு’ என்று எழுதியது வருடத்தில் 1,32,000. வங்கியிலிருந்து கட்டிய பள்ளிக் கட்டணம் 38,000. சீட்டுக்குக் கட்டியது 46,000.

எந்த நோட்டிலும் இல்லாதது ஒன்று உண்டு, கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் சரக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என்று மாதம் 3,500 வாங்கிய விலையில், வருடத்துக்கு 42,000. பணம் கைமாறாததால் யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் அந்தச் சரக்கு இறுதி இருப்பில் இல்லை, விற்பனையிலும் இல்லை. எடுப்பில் சேர்க்காவிட்டால் கடை அந்த அளவு குறைவாகச் சம்பாதித்ததாகிவிடும். எல்லாம் சேர்த்து எடுப்பு 2,58,000.

வரவுப் பக்கத்தில் ஜனவரியில் ‘சீட்டு வரவு 70,000’ என்று இருந்தது. சீட்டு எடுத்த பணத்தைக் கடைக்குள் போட்டிருக்கிறார். அதைச் சம்பாத்தியமாக எடுத்தால் லாபம் 70,000 வீங்கிவிடும். சீட்டுக்கு மாதாமாதம் கட்டியதை எடுப்பாக எழுதியிருப்பதால், எடுத்த பணத்தைக் கூடுதல் முதலாக எழுத வேண்டும். கட்டியதைக் கடைச் செலவாகவும், எடுத்ததை முதலாகவும் எழுதினால் இரண்டு பக்கமும் லாபம் குறையும், அதைக் கவனியுங்கள். நகைக் கடனும் இப்படித்தான். அத்தையின் நகையை அடகு வைத்துக் கடைக்குப் போட்ட பணத்தைக் கூடுதல் முதல் என்று எழுதினால், அதை இறுதி நிலை அறிக்கையில் கடையின் கடனாக மறுபடி காட்டக் கூடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். வட்டியைக் கடை கட்டுகிறதென்றால் கடனாகக் காட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அறிக்கை

| | ரூபாய் |
|---|---:|
| 31-3-2025 அன்று முதல் | 5,08,000 |
| கூட்டுக: வருடத்தில் எடுப்பு | 2,58,000 |
| | 7,66,000 |
| கழிக்க: கூடுதல் முதல் (சீட்டுப் பணம்) | 70,000 |
| | 6,96,000 |
| கழிக்க: 1-4-2024 அன்று முதல் | 4,10,000 |
| 2024-25 லாபம் | 2,86,000 |

இதற்குக் கீழே ஒரு குறிப்பு எழுதுங்கள்: தொடக்கச் சரக்கு மதிப்பீடு, 2,90,000 முதல் 3,30,000 வரை இருக்கலாம், அதற்கேற்ப லாபம் 3,06,000 முதல் 2,66,000 வரை. மாமாவுக்கு இந்த எல்லை தெரிய வேண்டும்.

சரிதானா என்று எப்படித் தெரியும்

வேறொரு வழியாக மொத்த லாப விகிதத்தைப் பாருங்கள். நோட்டிலும் வங்கியிலும் வாடிக்கையாளரிடமிருந்து வந்தது 35,71,000. கடன் நோட்டுப் பாக்கி 64,000லிருந்து 93,000 ஆகக் கூடியது 29,000. ஆக விற்பனை 36,00,000. லாபம் 2,86,000த்தோடு வாடகை 96,000, மின்கட்டணம் 34,000, வண்டிக்கூலி, பை முதலிய சில்லறைச் செலவுகள் 30,000, வட்டி 9,000, தேய்மானம் 10,100, வராக்கடன் 11,000 எல்லாவற்றையும் கூட்டினால் செலவுகளைக் கழிக்கும் முன்பு சரக்கில் நின்ற மொத்த லாபம் 4,76,100. விற்பனையில் 13.2 சதவீதம். நூறு ரூபாய் சரக்கு விற்றால் என்ன நிற்கும் என்று மாமாவிடம் முன்பே கேட்டு எழுதிவைத்திருங்கள். அவர் 12 முதல் 15 வரை என்று சொல்லியிருந்தால் இது பொருந்துகிறது. 5 என்றோ 25 என்றோ வந்தால் எங்கோ பெரிய தொகை விடுபட்டிருக்கிறது. முதலில் சரக்கையும், பிறகு மொத்த வியாபாரி பாக்கியையும் பாருங்கள்.

இந்தச் சோதனை லட்சக் கணக்கில் வரும் தவறைப் பிடிக்கும், இருபதாயிரத்தைப் பிடிக்காது. தொடக்கச் சரக்கை 2,90,000 என்று வைத்தால் 13.8 சதவீதம், 3,30,000 என்று வைத்தால் 12.7 சதவீதம், இரண்டுமே நம்பும்படியாகத்தான் இருக்கின்றன.

இன்னொரு சோதனை இன்னும் இறுக்கமானது. வருடத்தின் எல்லாப் பண வரவும் 36,41,000 (சீட்டுப் பணம் உட்பட), எல்லாப் பணப் பற்றும் 36,48,000. ரொக்கமும் வங்கியும் சேர்ந்து 61,000லிருந்து 54,000 ஆக, 7,000 குறைந்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் படமோ ஸ்டேட்மென்ட் பக்கமோ விடுபட்டிருக்கிறது.

வரிக்கு

வருமான வரியில் 44AD பிரிவின் கீழ் போவதாக இருந்தால், வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் என்று குறைந்தபட்ச லாபம் எடுத்துக்கொள்ளப்படும். இந்தக் கடையில் 14 லட்சம் யுபிஐ, 22 லட்சம் ரொக்கம் என்று வைத்தால் 84,000மும் 1,76,000மும் சேர்ந்து 2,60,000 வரும். உண்மையான லாபம் அதைவிடக் கூடுதல் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டால் கூடுதல் தொகையைத்தான் காட்ட வேண்டும். விற்பனை 36 லட்சம் என்பதால், தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவர்களுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பான 40 லட்சத்துக்கும் மிக அருகில் இருக்கிறார். எழுதாமல் விட்ட 84,000 மாதிரி தொகைகளைச் சேர்க்கும்போது விற்பனையும் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். கைக்கு வந்த மொத்தத்தையும் இந்த அறிக்கையையும் ஓர் ஆடிட்டரிடம் காட்டிவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.

அடுத்த வருடத்துக்கு இவ்வளவு அலைய வேண்டாம். 31-3-2025 பத்தி அப்படியே 1-4-2025 பத்தியாகிவிடும். மார்ச் 31 இரவு கடை சாத்தியதும் அலமாரி அலமாரியாகப் படம், கடன் நோட்டின் பாக்கி உள்ள பக்கங்கள், ஒவ்வொரு மொத்த வியாபாரியின் கடைசி பில், கல்லாவை எண்ணி எழுதிய தாள், இவற்றை மாமா எடுத்து அனுப்பினால் இறுதிப் பத்தியின் பெரும்பகுதி அன்றைக்கே நிரம்பிவிடும். ‘வீட்டுக்கு’ என்பதற்கு மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு பட்டியல் வைக்கச் சொல்லுங்கள், சரக்காக எடுத்ததையும் அதிலேயே எழுதட்டும்.